இம்மி பிசகாத பால் கணக்கு

பால் கூட்டுறவுச் சங்கத்தின் தணிக்கை என்றால் ரொக்கப் புத்தகத்தையும் வவுச்சர்களையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் தொடக்கச் சங்கத்தில் பணம் பெரும்பாலும் ரொக்கப் புத்தகத்தில் காணாமல் போவதில்லை. பால் பணமாக மாறுவதற்கு முன்பே, அளவையிலும் ஃபேட்டிலும், அதாவது பாலின் கொழுப்புச் சதவீதத்திலும், போய்விடுகிறது. அதனால் நான் தணிக்கைக்கு ஒரு சங்கத்துக்குப் போனால் முதலில் கேட்பது பால் கொள்முதல் பதிவேடு, சங்கங்களிடம் பால் வாங்கும் மாவட்ட ஒன்றியத்துக்கு அனுப்பிய பாலைக் குறித்த ட்ரக் ஷீட், உள்ளூர் விற்பனைப் பதிவேடு ஆகிய மூன்றையும்தான். பணக் கணக்கு அப்புறம்.

இந்த மூன்றையும் வைத்து ஒரு எளிய கேள்வியைக் கேட்கலாம். உறுப்பினர்களிடம் வாங்கிய பாலும், ஒன்றியத்துக்குப் போனதும் ஊருக்குள் விற்றதும் சேர்ந்த பாலும் ஒத்துப்போகிறதா? கேள்வி எளிதுதான். விடையைப் படிப்பதில்தான் சிக்கல். வித்தியாசம் பெரிதாக வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். நான் சொல்லப்போகும் சங்கத்தில் வித்தியாசமே வரவில்லை. மேற்கு மாவட்டம் ஒன்றில் இருக்கும் சிறிய சங்கம் அது. பெயர் வேண்டாம். எண்களையும் படிக்க வசதியாகக் கொஞ்சம் முழுமையாக்கித் தருகிறேன்.

முதலில் கணக்குப் போடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். இங்கேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். சங்கம் உறுப்பினரிடம் லிட்டரில் வாங்குகிறது. ஒன்றியம் கிலோவில் வரவு வைக்கிறது. ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ. 6,000 லிட்டர் வாங்கி 6,180 கிலோ அனுப்பினால் உபரி எதுவும் இல்லை, இரண்டும் ஒரே பால். லிட்டரையும் கிலோவையும் அப்படியே பக்கத்தில் வைத்துக் கழித்து, ‘180 அதிகம்’ என்று எழுதிய தணிக்கை அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். தலைகீழாகவும் நடக்கும். உண்மையிலேயே 3 சதவீதம் உபரி வரும் சங்கத்தில் அதை இந்த மாற்றத்துக்குள் ஒளித்துவிடலாம்.

அடுத்தது ஃபேட். உறுப்பினர்களின் ஃபேட்டை எல்லாம் கூட்டி ஆள் எண்ணிக்கையால் வகுப்பது தவறு. ஒருவர் 10 லிட்டர் 3.8 ஃபேட்டில் ஊற்றுகிறார், இன்னொருவர் 2 லிட்டர் 5.0 ஃபேட்டில் ஊற்றுகிறார் என்றால் சும்மா வகுத்தால் 4.4 வரும். கேனில் கலந்த பாலை எடுத்துச் சோதித்தால் 4.0தான் இருக்கும். அதனால் ஃபேட்டைச் சதவீதமாக வைத்துக்கொண்டு ஒப்பிடக் கூடாது, கிலோவாக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வரியிலும் லிட்டரை 1.03ஆல் பெருக்கி, அதை ஃபேட்டால் பெருக்கி, நூறால் வகுத்தால் அந்த உறுப்பினர் கொடுத்த கொழுப்பு எத்தனை கிலோ என்று கிடைக்கும். அதைக் கூட்டினால் சங்கம் வாங்கிய மொத்தக் கொழுப்பு. முன்பு இதைக் கையால் செய்ய முடியாது என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். இப்போது பால் கொள்முதல் இயந்திரத்தின் தரவை ஒரு பென் டிரைவில் வாங்கி எக்செலில் போட்டால் அரை மணி நேரம்.

இந்தச் சங்கத்தில் உறுப்பினர்களுக்குப் பால் பணம் பத்து நாளுக்கு ஒரு முறை பட்டுவாடா. ஒரு பட்டுவாடாவை எடுத்துக்கொள்வோம். பதிவேட்டின்படி வாங்கியது 6,240 லிட்டர், அதாவது 6,427 கிலோ. அதில் கொழுப்பு 263 கிலோ, சராசரி 4.1. வெளியே போனதைப் பார்த்தால், ஒன்றியம் ஒப்புக்கொண்டது 6,118 கிலோ, ஃபேட் 4.1. உள்ளூரில் விற்றது 300 லிட்டர், அதாவது 309 கிலோ. இரண்டையும் கூட்டினால் 6,427 கிலோ. உள்ளே வந்ததும் வெளியே போனதும் அச்சு அசலாக ஒன்று.

ஒரு பட்டுவாடாவில் இப்படி அமைந்தால் தற்செயல் என்று விடலாம். வருடம் முழுவதும் 36 பட்டுவாடாவிலும் வித்தியாசம் ஐந்து கிலோவைத் தாண்டவில்லை. சில மாதங்களில் கூட்டியும் சில மாதங்களில் குறைந்தும் வந்து கடைசியில் சமமாவது வேறு. இங்கே ஒவ்வொரு முறையும் சமம். செயலாளர் அதைப் பெருமையாகவே சொன்னார். “நம்ம சங்கத்துல கணக்கு எப்பவும் சுத்தமா இருக்குமுங்க சார்.”

அது ஏன் இயல்பில்லை என்பதை விளக்க வேண்டும். பால் சங்கத்தில் உபரி வந்தே தீரும், அதற்கு யாரும் திருட வேண்டியதில்லை. இந்தச் சங்கத்தில் தராசு 3.37 லிட்டர் என்று காட்டினால் பதிவாவது 3.3. இரண்டாம் தசமம் விடுபடுகிறது. சில ஆள்களுக்குப் பத்து மில்லி போகும், சிலருக்குத் தொண்ணூறு போகும். சராசரியாக ஒரு ஊற்றுக்கு ஐம்பது மில்லி என்று வையுங்கள். 80 பேர் காலையும் மாலையும் ஊற்றினால் 160 ஊற்று, நாளுக்கு எட்டு லிட்டர் கணக்கில் ஏறாத பால். விவசாயியின் பாத்திரத்தில் இருந்து வந்து சங்கத்தின் தொட்டியில் இருக்கிறது, ஆனால் பதிவேட்டில் இல்லை.

அதோடு மாதிரிப் பால். இங்கே உறுப்பினரின் தூக்கில் இருந்து ஒரு சிறிய கப்பில் நூறு மில்லி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் தராசில் ஊற்றினார்கள். சோதனை இயந்திரம் அதில் கொஞ்சம்தான் உறிஞ்சும். அமிலம் ஊற்றிக் கொழுப்பைப் பிரித்துப் பார்க்கும் ஜெர்பர் முறையில் சோதித்தால் தேவைப்படுவதே 10.75 மில்லிதான். ஒரு கப்பில் எண்பது மில்லியாவது மிஞ்சும். அதை 160ஆல் பெருக்கினால் நாளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று லிட்டர். மிஞ்சிய மாதிரிப் பாலை விற்றுச் சங்கத்தின் வருமானமாகக் காட்டுவது பல சங்கங்களில் வழக்கம்தான், அதற்குத் தனிக் கணக்குத் தலைப்பே இருக்கும். இங்கே அப்படி ஒரு தலைப்பு இல்லை. கப்பில் மிஞ்சியது எங்கே போகிறது என்று கேட்டதற்கு, “அது தொட்டியிலயே ஊத்திருவமுங்க” என்றார் பரிசோதகர்.

சரி, எட்டும் பன்னிரண்டும் சேர்ந்து நாளுக்கு இருபது லிட்டர் தொட்டியில் கூடுதலாக இருக்க வேண்டும். பத்து நாளுக்கு இருநூறு லிட்டர். 6,240 லிட்டரில் அது மூன்று சதவீதத்துக்கு மேல். இவ்வளவு உபரி வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் வருகிறது என்றால், ஒன்று அந்தப் பால் வெளியே போயிருக்க வேண்டும், இல்லை யாருடைய பெயரிலாவது உள்ளே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வெளியே போகவில்லை என்று முதலில் நினைத்தேன். கேனில் பால் எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனால் ஊரில் நாலு பேர் பார்ப்பார்கள். பெயரில் எழுதுவதை யாரும் பார்க்க முடியாது. அதோடு எழுதினால் ஒன்றியத்தின் விலையே கிடைக்கும், வங்கிக் கணக்கில் நேராக வந்துவிடும். அதனால் உறுப்பினர் வாரியாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

84 உறுப்பினர் எண்கள் அந்தப் பட்டுவாடாவில் பால் ஊற்றியிருந்தன. வருடம் முழுக்க ஒரு வேளைகூட விடாமல் ஊற்றிய எண்களை முதலில் தனியாக எடுத்தேன். மாடு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். சினை மாட்டுக்குக் கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே பால் வற்றவிட வேண்டும். காய்ச்சல் வரும், ஊசி போட்ட நாளில் பால் ஊற்ற மாட்டார்கள், வீட்டில் விசேஷம் வந்தால் பாலை நிறுத்திக்கொள்வார்கள். இரண்டு மூன்று மாடு இருக்கும் வீட்டில்கூட அளவு ஏறி இறங்கும். ஒன்பது எண்கள் விடாமல் ஊற்றியிருந்தன. அதில் ஐந்து பேர் ஏழெட்டு மாடு வைத்திருப்பவர்கள், வேளைக்கு இருபது லிட்டர் வரை போகும், அளவும் மாதத்துக்கு மாதம் மாறியிருந்தது. மீதி நான்கு எண்கள் வேளைக்கு மூன்று லிட்டர், எப்போதும் மூன்றை ஒட்டியே.

அந்த நான்கின் ஃபேட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 6.4, 6.5, 6.6, மறுபடி 6.5. ஊரே 4.0ஐச் சுற்றி இருக்கும்போது இவர்கள் மட்டும் 6.5. எருமைப் பாலில் இது சாதாரணம்தான். ஆனால் எருமை என்றால் வேறு சில விஷயங்களும் பொருந்த வேண்டும். எருமைப் பாலில் எஸ்.என்.எஃப்பும், அதாவது கொழுப்பு அல்லாத திடப்பொருளும், கூடுதலாக, ஒன்பதை ஒட்டி இருக்கும். இவர்களுக்குப் பசும்பால் மாதிரி 8.2, 8.3 என்றே பதிவாகியிருந்தது. ஃபேட்டை ஏற்றி எழுதியவர் எஸ்.என்.எஃப்பை மறந்துவிட்டார்.

இன்னொன்று காலை மாலை வித்தியாசம். நம் ஊரில் காலை ஐந்து ஆறு மணிக்குக் கறக்கிறோம், மாலை மூன்று நான்கு மணிக்குக் கறக்கிறோம். இரவு இடைவெளி நீளம், பகல் இடைவெளி குறைவு. அதனால் காலையில் பால் அதிகமாகவும் ஃபேட் குறைவாகவும் வரும், மாலையில் பால் குறைந்து ஃபேட் ஏறும். மற்ற 80 பேரின் கணக்கிலும் இந்த ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரிந்தது. சங்கத்தின் மொத்தமே காலையில் சுமார் 320 லிட்டர், மாலையில் சுமார் 280. இந்த நான்கு எண்களுக்கு மட்டும் காலையும் மாலையும் ஒரே அளவு, ஒரே ஃபேட். உட்கார்ந்து எழுதும் கைக்கு இது தெரியாது.

மூன்றாவது, நேரம். இந்தச் சங்கத்தின் இயந்திரம் ஒவ்வொரு பதிவுக்கும் நேரத்தைக் குறித்து வைத்திருந்தது. அச்சிட்டுக் கொடுக்கும் பதிவேட்டில் அந்த நேரம் வராது, உள்ளே இருக்கும் தரவில்தான் இருக்கும். அதனால்தான் அச்சுப் பிரதியோடு திருப்தி அடையாமல் தரவை நேராக வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறேன். மற்றவர்களுக்கு ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடையே ஒரு நிமிடமாவது ஆகியிருந்தது. சோதனை இயந்திரத்துக்கு ஒரு மாதிரியை உறிஞ்சிப் படித்துச் சொல்ல அவ்வளவு நேரம் வேண்டும். இந்த நான்கு பதிவுகளும் கடைசி ஆள் ஊற்றிவிட்டுப் போய் இருபது நிமிடம் கழித்து, அடுத்தடுத்து ஒன்றரை நிமிடத்துக்குள் ஏறியிருந்தன. நான்கு மாதிரிகளை அந்த வேகத்தில் சோதிக்க முடியாது. மதிப்பை இயந்திரம் எடுத்ததா, கையால் தட்டினார்களா என்பதைக் குறிக்கும் ஒரு பத்தியும் அந்த மென்பொருளில் இருந்தது. நான்கும் கைப்பதிவு.

அந்த இருபது நிமிடத்தில் என்ன நடந்திருக்கும் என்பது இப்போது புரிகிறது. கடைசி ஆள் போனதும் குளிர்விப்புத் தொட்டியில் அளவுகோலை விட்டுப் பார்ப்பார்கள். பதிவேட்டின் மொத்தத்தை அதிலிருந்து கழிப்பார்கள். மிஞ்சுவதை நான்கால் வகுத்து எழுதுவார்கள். அதனால்தான் கணக்கு எப்போதும் சமமாக நின்றது. எழுதப்பட்ட நான்கு எண்களுக்கு நாளுக்கு 24 லிட்டர், பத்து நாளுக்கு 240 லிட்டர். உண்மையான 80 பேர் ஊற்றியதாகப் பதிவானது 6,000 லிட்டர், சராசரி ஃபேட் 4.0. இந்த 240 லிட்டரை 6.5இல் சேர்த்தால் மொத்தச் சராசரி 4.1 ஆகி ஒன்றியத்தின் சோதனையோடு ஒட்டிக்கொள்கிறது. நான்கு எண்களுக்கு அவ்வளவு ஃபேட் ஏன் தேவைப்பட்டது என்பதற்கும் இதுதான் விடை. தொட்டிப் பாலில் இருந்த 4.1க்கும் உறுப்பினர்களுக்கு எழுதிய 4.0க்கும் இடையே இருந்த பத்தில் ஒரு பாயின்ட், பதினாறு கிலோ கொழுப்பில் அடங்கியிருந்தது.

அந்தப் பத்தில் ஒரு பாயின்ட் எப்படிக் குறைந்தது? பாதியை நேராகக் காட்ட முடிந்தது. சோதனை இயந்திரம் 4.17 என்று காட்டும், பதிவாவது 4.1. அளவையில் நடந்த அதே தசம வெட்டுதான். சராசரியாக 0.05 போய்விடும். மீதி பாதி இயந்திரமே குறைத்துக் காட்டுவதாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, சில மாதிரிகளை இரண்டாகப் பிரித்து ஒன்றை இயந்திரத்திலும் இன்னொன்றை ஜெர்பரிலும் சோதிக்கச் சொன்னேன்.

ஜெர்பர் சோதனை இப்போது பல சங்கங்களில் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. ஆனால் தகராறு என்று வந்தால் அதுதான் துணை. பியூட்டிரோமீட்டர் குழாயில் முதலில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் குழாயின் ஓரமாக மெதுவாக 10.75 மில்லி பால், பிறகு 1 மில்லி அமைல் ஆல்கஹால். மூடியைப் போட்டுக் குலுக்கினால் அமிலம் பாலின் புரதத்தைக் கரைத்துவிடும், குழாய் கொதிக்கும். சுழல் இயந்திரத்தில் நிமிடத்துக்கு 1,100 சுற்று வேகத்தில் நாலைந்து நிமிடம் சுற்றவிட்டு, 65 டிகிரி வெந்நீரில் வைத்து எடுத்தால் கழுத்தில் கொழுப்பு தெளிந்து நிற்கும், அதைக் கோட்டில் படிக்க வேண்டியதுதான். இதிலும் கைவரிசை உண்டு. 10.75 மில்லி பிப்பெட்டுக்குப் பதிலாக 10 மில்லி பிப்பெட்டை வைத்துவிட்டால் 4.1 ஃபேட் பால் 3.8 என்று காட்டும். பார்ப்பதற்கு இரண்டு பிப்பெட்டும் ஒன்று போலவே இருக்கும். நுனி உடைந்த பிப்பெட்டும் அப்படித்தான் ஏமாற்றும். சோதனை பார்க்கப் போகும் தணிக்கையாளர் முதலில் பிப்பெட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும்.

ஜெர்பரில் பார்த்தபோது இயந்திரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வந்தது. ஆனால் ஜெர்பர் குழாயில் ஒரு சின்னக் கோடே 0.1. அதன் பாதியைக் கண்ணால் மதிப்பிட்டு, ‘இயந்திரம் 0.05 குறைத்துக் காட்டுகிறது’ என்று அறிக்கையில் எழுதினால் நிற்காது. இயந்திரத்தை அளவுதிருத்தம் செய்த பதிவு கடைசியாக எப்போது இருக்கிறது என்பதை மட்டும் எழுதினேன். பல மாதங்களாக இல்லை.

ஒன்றியத்தின் எண்ணையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை இங்கே சொல்ல வேண்டும். தொட்டியில் கலக்கியைப் போதுமான நேரம் ஓடவிடாமல் மேலாக மாதிரி எடுத்தால் கொழுப்பு மிதந்து ஃபேட் ஏறித் தெரியும். அடியில் இருந்து எடுத்தால் இறங்கும். அளவுகோலை வைத்துப் படிப்பதிலும் சில லிட்டர் பிசகு இருக்கும். தொட்டி சரிமட்டத்தில் இல்லாவிட்டால் இன்னும் மோசம். ஒரு நாள் கணக்கை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பல மாதங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தால், அல்லது இங்கே மாதிரி எந்தப் பக்கமும் சாயாமல் நின்றால், அப்போது பேசலாம்.

ஒரு காலை வேளை முழுக்கச் சங்கத்திலேயே நின்றேன். தொட்டி காலியாக இருந்ததைப் பார்த்துக்கொண்டேன். 78 பேர் ஊற்றினார்கள். பதிவேட்டில் 320 லிட்டர், அதாவது சுமார் 330 கிலோ. தொட்டியில் 342 கிலோ இருந்தது. அந்த நான்கு எண்களுக்கும் அன்று யாரும் வரவில்லை. வருடம் முழுக்க ஒரு வேளைகூடத் தவறாத நான்கு பேர், தணிக்கையாளர் நிற்கும் வேளையில் ஒன்றாகத் தவறிவிட்டார்கள். பன்னிரண்டு கிலோ உபரி முதல்முறையாக அந்தச் சங்கத்தின் கணக்கில் வெளியே தெரிந்தது.

வரிசையில் நின்றிருந்த ஒரு வயதான அம்மாவிடம், “ஊருக்குள்ள எருமை யார் யார் வெச்சிருக்காங்கம்மா?” என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

“எருமையா? எங்கூருல எரும ஏதுங்க சார். பூசாரி ஊட்டுல ஒண்ணு கெடந்துச்சு, அதையும் வித்துப்போட்டாங்க.”

பேச்சை ஆதாரமாக எழுத முடியாது. கோமாரி தடுப்பூசி போடும்போது மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க எண்ணோடு தோடு மாட்டுகிறார்கள் அல்லவா, அந்தப் பட்டியல் கால்நடை மருந்தகத்தில் இருக்கும். அதில் இந்த ஊரின் பக்கங்களைப் பார்த்தோம். அந்த நான்கு பெயர்களிலும் எருமை மட்டுமில்லை, மாடே இல்லை.

இதற்குப் பிறகு பணத்தைத் தேடுவது சுலபமாகிவிட்டது. பட்டுவாடா பட்டியலில் நான்கு பெயர், வங்கிக்கு அனுப்பிய பட்டியலில் நான்கு வரி, ஆனால் கணக்கு எண் இரண்டுதான். இரண்டு பேருக்கு ஒரு கணக்கு. எக்செலில் கணக்கு எண் வாரியாக வரிசைப்படுத்தினால் உடனே கண்ணில் படும். சங்கத்தின் தரவில் இதை யாரும் அப்படி அடுக்கிப் பார்க்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் உறுப்பினர் எண் வரிசையில்தான் பார்ப்பார்கள். இரண்டு கணக்குகளும் சங்கப் பணியாளர் ஒருவரின் குடும்பத்தாருடையவை. உறுப்பினர் சேர்க்கைக்கு நிர்வாகக் குழுத் தீர்மானம் வேண்டும், பங்குத் தொகை கட்டிய ரசீது வேண்டும். நான்கில் ஒருவருக்கும் இரண்டும் இல்லை. வருடக் கடைசியில் ஊற்றிய பாலின் விகிதத்தில் கொடுக்கும் போனஸ் மட்டும் நால்வருக்கும் போயிருந்தது.

தொகை எவ்வளவு? அதிக ஃபேட் என்பதால் இந்தப் பாலுக்கு லிட்டருக்குச் சுமார் நாற்பது ரூபாய் கிடைத்தது. 240 லிட்டருக்கு 9,600 ரூபாய், ஒரு பட்டுவாடாவில். வருடத்துக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டி. அதோடு 2023 டிசம்பர் 18 முதல் தமிழக அரசு உற்பத்தியாளருக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. மாடே இல்லாத நான்கு எண்களின் 24 லிட்டருக்கும் அது நாளுக்கு 72 ரூபாயாகப் போய்க்கொண்டிருந்தது. சங்கத்தின் பணம் ஒரு பக்கம், இது அரசாங்கப் பணம்.

இழந்தவர்கள் பக்கமிருந்து பார்த்தால் தொகை சின்னதாகத் தெரியும். நாளுக்கு ஏழரை லிட்டர் ஊற்றும் ஒருவருக்கு முந்நூறு மில்லி. லிட்டர் 33 ரூபாய் என்று வைத்தால் பத்து ரூபாய். காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. இதற்காக யாரும் சங்கத்தில் சண்டை போட மாட்டார்கள், போட்டாலும் தராசைக் காட்டி வாயை அடைத்துவிடலாம். வருடத்துக்கு 3,650 ரூபாய் என்று சொன்னபோதுதான் அந்த அம்மா, “ஒரு மாசத்துத் தீவனக் காசுங்களே” என்றார்.

பட்டுவாடாவில் பார்க்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. இந்தச் சங்கத்தில் அது சரியாக இருந்தது, தவறை வேறொரு சங்கத்தில் கண்டேன். 2022 நவம்பர் 5ஆம் தேதி முதல் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32இல் இருந்து 35 ரூபாயாக உயர்ந்தது. ஒன்றியம் அன்றிலிருந்தே சங்கத்துக்குப் புது விலை கொடுத்தது. சங்கத்தின் இயந்திரத்தில் புது விலைப் பட்டியலை ஏற்றியதோ அடுத்த பட்டுவாடாவில். இடைப்பட்ட நாள்களின் மூன்று ரூபாய் சங்கத்திலேயே தங்கி, லாபமாகக் காட்டப்பட்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை, ஆனால் அது உறுப்பினரின் பணம். விலை மாறிய தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்தத் தேதிகளுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் பட்டுவாடாவை மட்டும் பிரித்துப் பார்த்தாலே இது அகப்பட்டுவிடும்.

தணிக்கையாளரால் இதற்கு மேல் செய்யக்கூடியது குறைவு. 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 80ஆம் பிரிவில் தணிக்கை, 81இல் விசாரணை, 87இல் இழப்பை ஏற்படுத்தியவரிடமே அதை வசூலிக்கும் தண்டத் தீர்வை. நாம் 80இல் நின்று, 81க்கான காரணத்தை எழுதி அனுப்புகிறோம். அதனால் எதை நிரூபிக்க முடியும், எதை முடியாது என்று பிரித்து எழுத வேண்டியது முக்கியம். நான்கு போலி எண்களையும் அவற்றுக்குப் போன தொகையையும் வரிக்கு வரி எழுதினேன். தசம வெட்டையும் மாதிரிப் பாலையும் விளக்கமாக எழுதினேன். இரண்டும் சேர்ந்து நாளுக்கு இருபது, இருபத்தொன்று லிட்டர்தான் வருகிறது. எழுதப்பட்டதோ 24. மீதி மூன்று லிட்டர் தண்ணீரா, தராசா, தொட்டி அளவுகோலின் பிசகா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதையும் அப்படியே எழுதினேன்.

பணத்தைத் திருப்பித் தருவதில்தான் சங்கடம். போலி எண்களுக்குப் போன தொகையைச் சங்கத்துக்கு மீட்கலாம். ஆனால் எந்த விவசாயிக்கு எத்தனை மில்லி குறைந்தது என்பதற்குப் பதிவே இல்லை. இரண்டாம் தசமத்தை இயந்திரம் சேமிக்கவில்லை. 3.31 ஊற்றியவரும் 3.39 ஊற்றியவரும் 3.3தான். ஊற்றிய பாலின் விகிதத்தில் பிரித்துக் கொடுப்பது ஒன்றுதான் வழி. அது வேளைக்கு ஒரு லிட்டர் ஊற்றுபவருக்கு அநியாயம். ஏனென்றால் ஐம்பது மில்லி வெட்டும் நூறு மில்லி கப்பும் சின்ன ஊற்றுக்கும் பெரிய ஊற்றுக்கும் ஒன்றுதான். ஒரு லிட்டர் ஊற்றுபவருக்கு அது பதினைந்து சதவீதம், இருபது லிட்டர் ஊற்றுபவருக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. ஒரே மாடு வைத்திருப்பவர்தான் இந்தச் சங்கத்தில் அதிகம் இழந்தவர். ஊற்றிய வேளைகளின் எண்ணிக்கைப்படி பிரிக்கலாம் என்று பரிந்துரைத்தேன். பொதுப் பேரவையில் பெரிய பண்ணைக்காரர்கள் சிலர் முகம் சுளித்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடத் தணிக்கைக்குப் போனபோது புதுச் செயலாளர் இருந்தார். தராசு இரண்டு தசமம் காட்டியது, பதிவும் இரண்டு தசமம். மாதிரியை எடை போட்ட பிறகே எடுத்தார்கள், மிஞ்சிய கப் பாலுக்குத் தனிக் கேனும் விற்பனைப் பதிவும் இருந்தது. பட்டுவாடாக்களில் சில முறை முப்பது கிலோ உபரி, சில முறை பத்து கிலோ குறைவு. அவர் அந்த வரிகளைக் காட்டித் தயங்கித் தயங்கிச் சொன்னார், “சார், டேலி ஆக மாட்டேங்குதுங்க. முன்னாடி இருந்தவர் காலத்துல எல்லாம் கரெக்டா இருந்துச்சாம். என்ன பண்றதுங்க?” உபரியை உபரி என்றும் குறைவைக் குறைவு என்றும் பதிவேட்டில் எழுதி, வருடக் கடைசியில் வியாபாரக் கணக்குக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.